அண்ணியின் ரெண்டு லட்சமும் என் கூட்டு வட்டியும்

எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் கணக்கு வரும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் கிளப்பிவிட்டவள் நான்தான். பிறகு எல்லோரும் நம்பிவிட்டார்கள், நானும் நம்பிவிட்டேன். வங்கித் தேர்வு எழுதி கிளார்க் வேலைக்குப் போய், நாலு ஊர் சுற்றி, கடைசியில் சொந்த ஊரான மரக்காணத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு முத்திரையே குத்தியாகிவிட்டது. சொந்தக்காரர் யார் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டுமென்றாலும் முதலில் என்னிடம் வருவார்கள். நானும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அலுத்துக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்கு அது தேன்.

என்னைப் படிக்க வைத்தது அண்ணன். உப்பளத்தில் மூட்டை தூக்கி லாரியில் ஏற்றுகிற வேலை அவருக்கு. அண்ணிக்கும் அளத்தில்தான் வேலை. பாத்தியில் இறங்கி உப்பு வாருவது, கூடையில் சுமந்து வரப்பில் குவிப்பது. காலை நாலு மணிக்குக் கிளம்பினால் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவார். என் கல்லூரிக் கட்டணத்தில் பாதிக்கு மேல் அந்த இரண்டு பேரின் கூலி. இதை எழுதும்போதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நன்றியை எழுதினால் அது கடன் கணக்கு மாதிரி ஆகிவிடுகிறது. ஆனாலும் எழுதாமல் மேலே போக முடியாது.

நான் இந்தக் கிளைக்கு வந்தவுடன் செய்த முதல் காரியம், அண்ணனுடைய சேமிப்புக் கணக்கோடு அரசாங்கத்தின் ரெண்டு லட்ச ரூபாய் ஆயுள் காப்பீட்டைச் சேர்த்துவிட்டதுதான். வருஷத்துக்குச் சில நூறு ரூபாய் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும். முதல் தடவை பிடித்தபோது அண்ணன் போனில் கத்தினார். "ஏம்மா, உன் பேங்க்குல நான் தூங்கினு இருக்கும்போதே பணத்தை எடுத்துக்கறீங்களா?" என்றார். இப்படிக் கத்தினவர் மூன்றாம் வருஷம் ஆவணியில் லாரிப் பலகைமேல் மூட்டையோடு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது.

காப்பீட்டுப் பணம் தை மாதம் வந்தது. அண்ணி பேரில் ரெண்டு லட்சம். அண்ணிக்கும் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கும் சேர்த்து அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அதுவும் மழைக்கு ஒழுகும்.

அண்ணி என் கவுண்டருக்கு எதிரில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்திருந்த விதம் நினைவிருக்கிறது. பணம் வந்த சந்தோஷமே முகத்தில் இல்லை. எதையோ திருடிவிட்ட மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இத இன்னா பண்றது பாப்பா, நீயே சொல்லு" என்றார். வயசு எவ்வளவு ஆனாலும் அவருக்கு நான் பாப்பாதான்.

ஐந்து வருஷ டெபாசிட் போட்டுவிடலாம் என்றேன். அப்போது ஆறு சதவீதம் கொடுத்தார்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும், முதல் அப்படியே நிற்கும். வட்டிக்கு வட்டி கிடையாது. பள்ளிக்கூடத்தில் தனி வட்டி என்று சொல்லிக்கொடுத்தார்களே, கிட்டத்தட்ட அது. இன்னொன்று, வட்டி கைக்கு வராது. முதலோடு போய்ச் சேர்ந்துகொண்டு, அடுத்த மூன்று மாதத்தில் அதுவும் சேர்ந்து வட்டி சம்பாதிக்கும். அது கூட்டு வட்டி.

ஒரு செலான் தாளைத் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டினேன். ரெண்டு லட்சத்துக்கு ஆறு சதவீதம் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். மூன்று மாதத்துக்கு மூவாயிரம். தனி வட்டியில் எல்லா மூன்று மாதமும் அதே மூவாயிரம்தான், ஐந்து வருஷத்தில் இருபது தடவை வரும், அறுபதாயிரம். கூட்டு வட்டியில் முதல் மூன்று மாதம் மூவாயிரம். அடுத்த மூன்று மாதத்துக்கு வட்டி கணக்குப் போடுவது ரெண்டு லட்சத்துக்கு அல்ல, ரெண்டு லட்சத்து மூவாயிரத்துக்கு. அதனால் மூவாயிரத்து நாற்பத்தைந்து.

"இந்த நாற்பத்தஞ்சு ரூபா யாரு குடுத்தது அண்ணி? யாரும் குடுக்கல. வட்டியே குட்டி போட்டுச்சு" என்றேன்.

அண்ணி அந்த நாற்பத்தைந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. கால்குலேட்டரைத் தட்டி, ஐந்து வருஷ முடிவில் ரெண்டு லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்து முந்நூற்று எழுபத்தொன்று என்று திருப்பிக் காட்டினேன். தனி வட்டியைவிட ஒன்பதாயிரத்து முந்நூற்று எழுபத்தொரு ரூபாய் கூடுதல். உட்கார்ந்த இடத்தில், ஒரு கூடை உப்பு வாராமல்.

அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப மழைக்கு? ஐப்பசி பொறந்தா அளத்துல வேலை இல்லையே. அந்த மூவாயிரம் மூவாயிரமா வந்தா கைக்கு ஒதவுமா?"

எங்கள் பக்கம் அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தியெல்லாம் வெள்ளக்காடு. தையில் தண்ணீர் வடிந்து, மண்ணை மிதித்துச் சமன் செய்து, மறுபடி உப்பு விளையும் வரைக்கும் ஒரு கூலி கிடையாது. நான் பிறந்ததே அப்படி ஒரு மழைக்காலத்தில், அப்படி ஒரு வீட்டில். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் நான் என்ன சொன்னேன்? "அய்யோ அண்ணி, கைக்கு வந்தா செலவாயிடும். பாத்தியில உப்பு எறங்கறதுக்குள்ள யாராவது காலை வெப்பாங்களா? அஞ்சு வருஷம் அதைத் தொடவே கூடாது, தொட்டா எல்லாம் போச்சு" என்றேன்.

"தொட்டா எல்லாம் போச்சு" என்பது பொய். எந்த வங்கி விதியிலும் அப்படி இல்லை. கணக்கில் கெட்டிக்காரி ஒருத்தி, சுலபமாகப் புரியட்டும் என்று அவிழ்த்துவிட்ட வசனம் அது. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழைகள் கையில் பணம் தங்காது என்று நான் நினைத்திருந்தேன். கவுண்டரின் இந்தப் பக்கம் பத்து வருஷம் உட்கார்ந்தால் அந்தப் புத்தி வந்துவிடுகிறது. எந்தக் கை எனக்குக் கட்டணம் கட்டியதோ அந்தக் கையைப் பற்றியே அப்படி நினைத்தேன்.

அண்ணி, "நீ சொன்னா சரி" என்று கையெழுத்துப் போட்டார். ரசீதை வீட்டில் வைத்தால் ஒழுகி நனைந்துவிடும் என்று என்னிடமே கொடுத்துவிட்டார். என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த இரண்டு வருஷம் எனக்கு அந்த டெபாசிட் ஒரு செல்லப்பிள்ளை. தை வந்தால் அண்ணிக்குப் போன் போடுவேன். "ரெண்டு இருபத்தஞ்சைத் தாண்டிடுச்சு அண்ணி!" என்று கூவுவேன். அண்ணி, "அப்படியா, வளரட்டும் வளரட்டும்" என்பார். மழைக்கு என்ன செய்தீர்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. நல்ல நாள் பெரிய நாளுக்குப் புடவையும் இனிப்பும் வாங்கிக்கொண்டு போவேன், அண்ணன் மகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பேன். அதோடு என் கடமை தீர்ந்தது என்று கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்துவிடுவேன். அண்ணியும் வாய் திறந்து கேட்கிற ஆள் இல்லை. புருஷன் போன பிறகு புருஷன் வீட்டுக்காரர்களிடம் கை நீட்டினால் ஊர் என்ன சொல்லும் என்பதில் அவருக்கு ஒரு வீம்பு உண்டு.

மூன்றாவது மழைக்காலத்தில் அண்ணி வங்கிக்கு வந்தார்.

அன்றைக்கு ஓய்வூதிய நாள். சாலையெல்லாம் தண்ணீர், ஆனாலும் கிளையில் நிற்க இடமில்லை. குடைகளிலிருந்து சொட்டி தரை முழுக்கச் சேறு. பாஸ்புக் பிரிண்டர் வேறு மக்கர். நான் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தேன். அண்ணி வரிசையில் நின்று, முறை வந்ததும் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து, மெதுவான குரலில் கேட்டார்.

"பாப்பா, அந்த டெபாசிட்டுல முதல வேணாம். ஏறியிருக்குற வட்டியில மட்டும் ஒரு பத்தாயிரம் எடுக்க முடியுமா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. இரண்டரை வருஷமாக நான் வளர்த்த கணக்கில் இவர் கை வைக்கப் பார்க்கிறாரே என்ற கோபம். யாருடைய பணம் என்பதே மறந்துபோன கோபம்.

"அண்ணி, அது அப்படியெல்லாம் எடுக்க முடியாது. எடுக்கணும்னா மொத்தமா உடைக்கணும். உடைச்சா எத்தனை நாள் கெடந்துச்சோ அதுக்கு உண்டான வட்டிதான் குடுப்பாங்க, அதுலயும் ஒரு பர்சன்ட் புடிச்சிப்பாங்க. அஞ்சு வருஷம் தொடக்கூடாதுன்னு நான் அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லியா? இப்ப அப்படி இன்னா அவசரம்?"

நான் கவுண்டர் குரலில் சொன்னேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. பின்னால் நின்ற ஒரு பெரியவர், "அதானே, பேங்க்குல போட்ட பணத்த பாதியில எடுக்கலாமா" என்று எனக்கு ஒத்து ஊதினார். அண்ணி நிமிர்ந்தார். "ஒண்ணும் அவசரம் இல்ல பாப்பா, சும்மா கேட்டுப் பாத்தேன்" என்றார். ஈரப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. இடையில் உடைத்தால் அப்படித்தான். ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. டெபாசிட்டை உடைக்க வேண்டியதே இல்லை. அதன்மேல் கடன் வாங்கலாம். டெபாசிட் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும், கடனுக்கு அந்த டெபாசிட் வட்டியைவிட ஒரு சதவீதம் கூடுதலாக, அதாவது வருஷத்துக்கு ஏழு சதவீதம் கட்டினால் போதும். பத்தாயிரத்தைப் பத்து மாதம் வைத்திருந்தால் வட்டி ஏறக்குறைய ஐந்நூற்று எண்பத்து மூன்று ரூபாய். வாரத்துக்கு நாலு பேருக்கு நானே அந்தக் கடனைப் போட்டுக் கொடுக்கிறேன். விண்ணப்பம் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கும்.

அது அன்று என் ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். வந்தது. அண்ணி கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போதே வந்தது. சொன்னால் வாங்கிக்கொள்வார், பிறகு அடுத்த மழைக்கும் வாங்குவார், அது பழக்கமாகிவிடும் என்று நினைத்தேன். கடைசியில் என் ரெண்டு அறுபத்தொன்பது கரைந்துவிடுமே என்று நினைத்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணி கேட்கவே இல்லை. அவருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

ஐந்து வருஷம் முடிந்த தை மாதம் அண்ணி நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலையில் கொஞ்சம் கனகாம்பரம் வைத்த மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். மகள் அப்போது பன்னிரண்டாவது. நான் ஒரு மாதமாகவே அந்த நாளுக்குக் காத்திருந்தேன். ரெண்டு லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்து முந்நூற்று எழுபத்தொன்று, சொன்னது சொன்னபடி, கணக்கில் விழுந்தது. பாஸ்புக்கில் அச்சடித்து, அந்த வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டுக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன்.

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்னாலதான் பாப்பா. நீ இல்லனா இது எப்பவோ கரைஞ்சிருக்கும்" என்றார். நான் கூச்சப்படுகிற மாதிரி பாவனை செய்தேன்.

பிறகு அவர் ஒரு சீட்டை நீட்டினார். பணம் எடுக்கிற சீட்டு. மகள் கையெழுத்தில் பத்தாயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதியிருந்தது.

"அதென்ன தொள்ளாயிரம்? தட்சணையா?" என்று கிண்டல் செய்தேன்.

"வட்டி" என்றார் அண்ணி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து, வங்கிக்குப் பக்கத்துப் பழக்கடை நிழலில் நின்றுகொண்டு கேட்டேன். அண்ணி மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்கு முன்னால் வட்டிக்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் அண்ணியின் தெருப்பக்கம் வருவார். அளத்து வேலை நின்றதும் அவருக்குத்தான் சீசன். அண்ணி பத்தாயிரம் வாங்குவார். மூணு வட்டி. மாதம் முந்நூறு ரூபாய். மாசி, பங்குனிக்குப் பிறகு கூலி வர ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஆடிக்குள் முதலை ஒரே தவணையாகக் கட்டி முடிப்பார். அடுத்த ஐப்பசியில் மறுபடி பத்தாயிரம். ஐந்து மழைக்கும் அதே கதை. இந்த முறை வாங்கியதற்கு மூன்று மாத வட்டி தொள்ளாயிரம். அதைத்தான் முதலோடு கட்டப்போகிறார்.

"மூணு வட்டிக்கா அண்ணி? எங்கிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தேன். என்னிடம்தான் வந்து கேட்டிருக்கிறாரே.

அண்ணி என்னைச் சமாதானம் செய்கிற மாதிரி சொன்னார்.

"நீ இன்னா சொன்னே? டெபாசிட்டுக்கு ஆறுன்னே. இவன் கேக்கறது மூணுதான். ஆறு வர்றத ஒடைச்சு மூணு கட்டறத மிச்சம் புடிக்கறவ பைத்தியக்காரி இல்லியா? அதான் நானும் பல்ல கடிச்சினு இருந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் வட்டி என்றால் நூற்றுக்கு, மாதத்துக்கு. ஒரு வட்டி, ரெண்டு வட்டி, மூணு வட்டி, எல்லாம் மாதக் கணக்கு. வருஷக் கணக்கில் வட்டி பேசுகிறவர்கள் வங்கிக்காரர்கள் மட்டும்தான். அன்றைக்கு நான் ஆறு, ஆறு என்று ஆயிரம் தடவை சொன்னேன். வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் என்றும் சொன்னேன்தான், கால்குலேட்டரைத் தட்டிய வேகத்தில், செலான் தாளின் மூலையில். அண்ணி மனசில் தங்கியது அந்த ஆறு மட்டும். பிறந்ததிலிருந்து எல்லோரும் எந்த அளவில் பேசினார்களோ அதே அளவில் அதை வைத்துக்கொண்டார். அவர் ஆறையும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். உண்மையில் பக்கத்தில் வைக்க வேண்டியது ஆறையும் முப்பத்தாறையும். இதை அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? வட்டிக்காரரா?

அன்று வீட்டுக்கு வந்து, காப்பிகூடப் போடாமல் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நாலு மழைக்கு, மழைக்குப் பத்து மாதம், மாதம் முந்நூறு. பன்னிரண்டாயிரம். இந்த வருஷத்துத் தொள்ளாயிரத்தையும் சேர்த்தால் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். என் கூட்டு வட்டி கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுத்தது ஒன்பதாயிரத்து முந்நூற்று எழுபத்தொன்று. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் நஷ்டம். இத்தனைக்கும் அந்த வட்டிக்காரர் வட்டிக்கு வட்டி போடவில்லை. அவர் வாங்கியது வெறும் தனி வட்டி. நான் பாடம் எடுத்த பிரமாதமான கூட்டு வட்டியை, விகிதம் பெரிதாக இருந்ததால் ஒரு சாதாரணத் தனி வட்டி தின்று ஏப்பம் விட்டிருக்கிறது.

தனி வட்டியே போட்டிருந்தால்? முதல் ஐப்பசிக்குள் ஒன்பதாயிரம் கையில் இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசிக்கும் பன்னிரண்டாயிரம். வட்டிக்காரர் தெருவில் நிற்கவே வேண்டியிருந்திருக்காது. சரி, கூட்டு வட்டிதான் என்று என் வீம்புக்கே வைத்துக்கொள்வோம். டெபாசிட்மேல் கடன் போட்டுக் கொடுத்திருந்தால் ஐந்து மழைக்கும் சேர்த்து வட்டி இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். என் கணக்கும் பிழைத்திருக்கும், அண்ணியும் பிழைத்திருப்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் உதவியிருக்கும். நான்தான் அறுக்க விடவில்லை.

மூவாயிரத்து ஐந்நூறு ஒரு பணமா என்று என் கணவர் கேட்டார். நீயே கொடுத்துவிடேன் என்றார். எனக்கு அவர்மேல் எரிந்து விழத்தான் தெரிந்தது. ஐந்து மழைக்காலம் மாதாமாதம் முந்நூறு ரூபாயை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் உலை வைத்த வீடு அது. மூன்றாவது மழையில் அண்ணன் மகள் வேனுக்குப் பணம் கட்ட முடியாமல், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாளாம். ஏன் இளைத்துவிட்டாய் என்று பொங்கலுக்கு நான் அவளைக் கேட்டது நினைவு வந்தது. வயசுப் பெண் உடம்பைக் குறைக்கிறாள் போலிருக்கிறது என்று அவளைக் கேலியும் செய்திருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணி வீட்டுக்குப் போனேன். புது டெபாசிட்டுக்கான படிவமும் கையில் இருந்தது. இந்த முறை ரெண்டு லட்சத்தை மட்டும் போடுவது, மிச்சம் மகளின் நர்சிங் படிப்புக்கு என்று அண்ணி முடிவு செய்திருந்தார். வட்டி விகிதம் ஏறி ஏழு ஆகியிருந்தது.

"வட்டி மூணு மாசத்துக்கு ஒரு தடவை கைக்கு வர்ற மாதிரி போடலாம் அண்ணி" என்றேன். "மூவாயிரத்து ஐந்நூறு வரும்."

அண்ணி சிரித்தார். "இன்னா பாப்பா, மறந்துட்டியா? குட்டி போடறதுதான் வேணும். நீதான சொல்லிக் குடுத்தே. பக்கத்து வீட்டுக்காரி கூட்டுறவுல போட்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ எடுத்துனு வந்து தின்னுக்கினு இருக்கறா. அவளுக்கே நான்தான் சொல்லிக்கினு இருக்கறேன், அதெல்லாம் தொடக்கூடாதுடின்னு."

சொல்லாமலேயே சமாளித்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். விதி மாறிவிட்டது, இப்போது இதுதான் லாபம் என்று ஒரு கதை விட்டால் அண்ணி நம்பிவிடுவார். நம்பிக் கையெழுத்தும் போடுவார். அந்த நம்பிக்கைதான் என்னைத் தடுத்தது. பக்கத்து வீட்டுப் பெண் வேறு இதில் வந்து சேர்ந்துவிட்டாள்.

சொன்னேன். தரையில் உட்கார்ந்து, வங்கிச் சொல் எதுவும் இல்லாமல், எங்கள் ஊர் அளவிலேயே சொன்னேன். "நான் சொன்ன ஆறு வருஷத்துக்கு அண்ணி. மாசத்துக்குப் பாத்தா அது அரை வட்டி. நீங்க மூணு வட்டி கட்டியிருக்கீங்க."

அரை வட்டி என்றதும் அண்ணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் மேலே ஒரு கணக்கும் போட வேண்டியிருக்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் வெடித்துத் தழும்பேறிய கை.

"டெபாசிட் மேல லோன் வாங்கியிருக்கலாம்" என்றேன். "அரை வட்டிக்குக் கொஞ்சம் மேல. பேங்க்லயே."

"அது எப்பலேர்ந்து குடுக்கறாங்க?"

"எப்பவுமே குடுக்கறாங்க."

அண்ணி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கு மழையில வந்தேனே. அன்னிக்கு உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் அழுது, காலைப் பிடித்து எப்படியாவது கரையேறிவிடலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். அவர் திட்டவில்லை. படிவத்தை வாங்கி, எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டுக் கொடுத்தார். பிறகு உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். ரசீது வந்தால் தானே வந்து வாங்கிக்கொள்வதாகவும், வைக்க ஒரு தகரப் பெட்டி வாங்கியிருப்பதாகவும் சொன்னார்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை முதல் வாரமே பிடித்துக்கொண்டது. ஒரு பகல், கிளையில் கூட்டமே இல்லை. பணம் எடுக்கிற இரண்டு கவுண்டரில் என்னுடையது காலியாக இருந்தது. பக்கத்தில் புதிதாக வந்த பையன் ஒருவனிடம் நகைக்கடன் விஷயமாக ஒரு அம்மா முக்கால் மணி நேரமாக வாதாடிக்கொண்டிருந்தார். அண்ணி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மூன்று தவணை வட்டி, பத்தாயிரத்து ஐந்நூறு, அவர் கணக்கில் சேர்ந்திருந்தது. நான் காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகள் நல்லா இருக்காங்களா என்று தூரத்திலிருந்தே கேட்டார். நல்லா இருக்காங்க அண்ணி, வாங்க, இங்க காலியாத்தான் இருக்குது என்று கையைக் காட்டினேன்.

"பரவாயில்ல பாப்பா, நான் இங்கயே நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பையனின் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.